142 அப்ஸ்ட்ராக்ட், 60 பலகை, இரண்டு நாள்: ஒரே ஆள் இரண்டு இடத்தில் வராமல் அட்டவணை போடுவது எப்படி?

#1 தாவரத்துறை_செயலர்

வணக்கம். எங்கள் துறை நடத்தும் இரண்டு நாள் தேசியக் கருத்தரங்குக்கு அட்டவணை போடும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. 142 அப்ஸ்ட்ராக்ட் தேர்வாகியிருக்கின்றன. 28 குறும்பேச்சு, 114 போஸ்டர். குறும்பேச்சுக்கு அ, ஆ என்று இரண்டு அரங்கு, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். போஸ்டருக்கு வாடகைப் பலகைகள், மொத்தம் 60 பக்கம் கிடைக்கும்.

ஒவ்வொரு நாளும் 9.30 முதல் 11.00 வரை அழைப்புச் சொற்பொழிவு. 11.15 முதல் 12.45 வரை இரண்டு அரங்கிலும் குறும்பேச்சு, அதே நேரத்தில் வெளித்தாழ்வாரத்தில் போஸ்டர். மதியம் முழுக்கப் பயிலரங்கு என்று துறைத்தலைவர் நினைக்கிறார்.

ஒவ்வொரு அப்ஸ்ட்ராக்ட்டிலும் நான்கைந்து ஆசிரியர்கள். எந்தப் பெயரும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வரக் கூடாது என்று எக்செல்லில் அடுக்கிப் பார்க்கிறேன். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று இடிக்கிறது. ஒரு பேராசிரியையின் பெயர் மட்டும் 14 அப்ஸ்ட்ராக்டில் வருகிறது. இதற்கு ஒழுங்கான வழி ஏதும் உண்டா?

#2 ப்ரிண்ட்_ரவி

மேடம், போஸ்டருக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம். மினுங்கும், போட்டோவில் எழுத்தே தெரியாது. மேட் பேப்பர் சொல்லுங்க. பசங்க கடையில வந்து "ஏ ஜீரோ"ன்னுதான் கேப்பாங்க, ஆனா ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அடிக்கணக்குல 3க்கு 4 போட்டுக் குடுத்துடுவார். அகலவாக்குல போட்டா 4 அடி வரும். எழுத்து 24 பாயின்ட்டுக்குக் குறையவே கூடாது.

#3 தாவரத்துறை_செயலர்

நன்றி ரவி. நான் கேட்டது அச்சு பற்றி இல்லை, யாரை எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதைப் பற்றி.

#4 கணக்குப்புலி

இது வரைபடத்துக்கு நிறம் தீட்டும் கணக்கு. ஒவ்வொரு அப்ஸ்ட்ராக்ட்டும் ஒரு புள்ளி. இரண்டு அப்ஸ்ட்ராக்டில் ஒரே ஆசிரியர் பெயர் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. கோட்டால் இணைந்த இரண்டு புள்ளிக்கும் ஒரே நிறம் வரக் கூடாது. நிறம் என்பது நேரத் தொகுதி. பைத்தானில் நெட்வொர்க்எக்ஸ் வைத்துப் பத்து வரியில் முடித்துவிடலாம். கையால் அடுக்குவது வீண் வேலை.

#5 நீலா_அட்டவணை

கணக்குப்புலி சொன்ன முறை சரி. ஆனால் எதற்குக் கோடு போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு முன்னால் செயலர் ஒன்றை மாற்ற வேண்டும்.

போஸ்டரையும் குறும்பேச்சையும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். உங்கள் சிக்கலில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. பேச்சும் போஸ்டரும் இரண்டும் வைத்திருப்பவர்கள் உங்கள் பட்டியலில் எத்தனை பேர்? போஸ்டரை 2.00 முதல் 3.30க்குத் தள்ளினால் அத்தனை பேரின் மோதலும் அப்போதே போய்விடும். எந்த மென்பொருளும் தேவையில்லை. தவிர, தாழ்வாரத்தில் போஸ்டர் நடந்தால் அரங்குக்குள் ஆள் இருக்காது, கதவு திறந்தால் சத்தமும் உள்ளே வரும். பயிலரங்கை 3.45க்குத் தொடங்கலாம்.

அடுத்தது, ஆசிரியர் வேறு, வழங்குபவர் வேறு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாதவர் வழங்குபவர் மட்டும்தான். கைடின் பெயர் பட்டியலின் கடைசியில் இருக்கும், அவர் எந்தப் போஸ்டர் முன்னாலும் நிற்கப் போவதில்லை. வழங்குபவர் மோதலை மீறவே முடியாது. கைடு மோதல் தவிர்த்தால் நல்லது என்ற வகை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் அட்டவணை என்றைக்கும் முடியாது.

#6 கணக்குப்புலி

கைடும் தன் மாணவர் பேசும்போது இருக்க வேண்டாமா? கேள்வி வந்தால் யார் கைகொடுப்பது? எல்லா ஆசிரியருக்கும் கோடு போட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? முடியவில்லை என்றால் அப்புறம் தளர்த்திக்கொள்ளலாம்.

#7 நீலா_அட்டவணை

பேச்சில் நீங்கள் சொல்வது நடக்கும். போஸ்டரில் நடக்காது. அந்தப் பேராசிரியையையே எடுத்துக்கொள்வோம். செயலர், 14இல் பேச்சு எத்தனை, போஸ்டர் எத்தனை?

#8 தாவரத்துறை_செயலர்

6 பேச்சு, 8 போஸ்டர். எட்டுக்கும் எட்டு மாணவர்கள் வழங்குகிறார்கள்.

இன்னொன்றும் எண்ணிப் பார்த்தேன். பேச்சும் போஸ்டரும் வைத்திருப்பவர்கள் 7 பேர். இரண்டு போஸ்டர் வைத்திருப்பவர்கள் 4 பேர். இரண்டு பேச்சு யாருக்கும் இல்லை.

#9 நீலா_அட்டவணை

அப்படியென்றால் கணக்கு இப்படி வரும்.

பேச்சு ஒன்றுக்கு 12 நிமிடம் வையுங்கள். 8 நிமிடம் பேச, 3 கேள்விக்கு, 1 ஆள் மாற. ஓர் அமர்வில் 7 பேச்சு, 84 நிமிடம். 90இல் 6 நிமிடம் மிச்சம். இரண்டு நாள், இரண்டு அரங்கு, நான்கு அமர்வு, 28 பேச்சு. இரண்டு நாளிலும் சேர்த்து 14 இடவரிசை, ஒவ்வொன்றிலும் அ அரங்கில் ஒருவர், ஆ அரங்கில் ஒருவர். பேராசிரியையின் 6 பேச்சையும் 14 இடவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் வைப்பது எளிது. இங்கே எல்லா ஆசிரியருக்கும் கோடு போடுங்கள், சரியாக வரும்.

போஸ்டரில் ஒரு நாளைக்கு 57. ஒற்றை எண்ணுக்காரர்கள் முதல் 45 நிமிடம் தங்கள் பலகையில் நிற்க வேண்டும், இரட்டை எண்ணுக்காரர்கள் அடுத்த 45 நிமிடம். ஆக இரண்டு நாளுக்கும் சேர்த்து நான்கே தொகுதி. ஒரே பெயர் எட்டுப் போஸ்டரில் இருந்தால் அந்த எட்டும் ஒன்றோடொன்று கோடு போட்டுக்கொள்ளும், எட்டு நிறம் கேட்கும். உங்களிடம் இருப்பது நான்கு. எந்த நிரலும் இதைத் தீர்க்காது. தொகுதிக்கு இரண்டு வீதம் பிரித்துவிட்டால் அவர் 45 நிமிடத்தில் இரண்டு மாணவரையும் பார்த்துவிடுவார். அது போதும்.

போஸ்டரில் வழங்குபவருக்கு மட்டும் கோடு போட்டால் மொத்தம் 4 கோடுதான் வரும், இரண்டு போஸ்டர் வைத்திருக்கும் அந்த 4 பேருக்கு. நான்கு கோட்டுக்கு நிரல் எதற்கு?

#10 கணக்குப்புலி

ஒத்துக்கொள்கிறேன், போஸ்டரில் எட்டு நிறம் கேட்கும் என்பதை யோசிக்கவில்லை. இருந்தாலும் நிரல் எழுதிவிட்டேன், இருக்கட்டும். `posters` 114 எண்கள், `pairs` ஒரே வழங்குபவரின் ஜோடிகள்:

```python
import networkx as nx
G = nx.Graph()
G.add_nodes_from(posters)
G.add_edges_from(pairs)
blocks = nx.greedy_color(G, strategy="DSATUR")
```

#11 நீலா_அட்டவணை

ஓட்டிப் பாருங்கள். 110 போஸ்டர் ஒரே நிறத்தில் வந்து நிற்கும். `greedy_color` நிறத்தைக் குறைக்கப் பார்க்குமே தவிர சமமாகப் பங்கிடாது. பலகை 60தான் என்று அதற்குத் தெரியாது. கடைசி வரியை இப்படி மாற்றுங்கள்:

```python
blocks = nx.equitable_color(G, num_colors=4)
```

இப்போது 29, 29, 28, 28 என்று விழும். நிறங்களின் எண்ணிக்கை ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் கோடுகளின் உச்ச எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தால்தான் இது வேலை செய்யும். இங்கே ஒரு புள்ளிக்கு அதிகபட்சம் ஒரு கோடு, அதனால் சரி. எல்லா ஆசிரியருக்கும் கோடு போட்டு ஓட்டினால் பிழைச்செய்தி கொடுத்து நின்றுவிடும்.

ஆனால் இது தலைப்பு எதையும் பார்க்காது. விதை முளைப்புப் போஸ்டருக்குப் பக்கத்தில் பாசி வகைப்பாடு வந்து உட்காரும். அதனால் முதலில் தலைப்பு வாரியாகக் கையால் அடுக்கிவிட்டு, அந்த 4 பேரை மட்டும் நகர்த்துவதுதான் என் கட்சி. அவர்களுக்கு அடுத்தடுத்த எண் கொடுத்துவிடலாம். 17, 18 என்றால் முதல் 45 நிமிடம் 17, அடுத்த 45 நிமிடம் 18. ஓர் அடி நகர்ந்தால் போதும்.

#12 தாவரத்துறை_செயலர்

துறைத்தலைவர் போஸ்டரை 2 மணிக்கு மாற்ற ஒப்புக்கொண்டார், பயிலரங்கு சுருங்குகிறது என்று கொஞ்சம் முணுமுணுத்தார், அவ்வளவுதான். இப்போது அடுத்த சங்கடம்: வழங்குபவர் யார் என்றே பாதிப் படிவத்தில் தெளிவாக இல்லை. `S. Priya`, `Priya S`, `Priya Subramanian` மூன்றும் ஒருவரா மூவரா? `Karthikeyan`, `Kartikeyan` என்று எழுத்தும் மாறுகிறது. மின்னஞ்சலைப் பார்க்கலாம் என்றால் 9 அப்ஸ்ட்ராக்டில் ஒரே மின்னஞ்சல், அது கைடுடையது.

#13 தேன்மொழி_நூலகம்

இது எங்கள் நூலகத் துறையின் நித்தியத் தலைவலி. நம் பெயர்களில் தலைப்பெழுத்து குடும்பப் பெயர் அல்ல, அப்பா பெயரின் முதல் எழுத்து. படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்டால், ஒருவர் தலைப்பெழுத்தை முதல் கட்டத்தில் போடுவார், இன்னொருவர் இரண்டாவதில், மூன்றாமவர் அப்பா பெயரை முழுசாக விரித்துவிடுவார். எழுத்துக்கூட்டல் இதற்கு மேல்: லட்சுமிக்கு `Lakshmi`, `Laxmi`, வித்யாவுக்கு `Vidya`, `Vidhya`.

தலைப்பெழுத்தை உதிர்த்துவிட்டுப் பெயரை வரிசைப்படுத்தினால் சந்தேகப்படும்படியானவை பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். கூகுள் ஷீட்டில்:

```
=TRIM(REGEXREPLACE(LOWER(A2),"\b[a-z]\b\.?",""))
```

இது `S. Priya`, `Priya S` இரண்டையும் `priya` ஆக்கும். `R. Priya`வையும் `priya` ஆக்கிவிடும், ஆகவே இதை வைத்துத் தானாக ஒன்றுசேர்க்காதீர்கள். கண்ணால் பார்க்க வேண்டிய இடங்களைச் சுட்டிக்காட்ட மட்டும்தான் இது. பிறகு நிறுவனத்தின் பெயரோடு ஒப்பிட்டு, தீராதவர்களுக்கு ஒரு போன். `Karthikeyan`, `Kartikeyan` போன்றவை அகரவரிசையில் சற்றுத் தள்ளி நிற்கலாம், மேலும் கீழும் நாலு வரி பார்க்க வேண்டும்.

ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாக உள்ள ஆர்கிட் எண்ணைக் கேட்டால் இந்தப் பாடே இல்லை. 16 இலக்கம், கடைசி இடத்தில் `X` வந்தாலும் சரியானதே, அதைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். ஆனால் முதுகலை மாணவர் பலரிடம் அது இருக்காது. அதனால் கட்டாயமாக்க முடியாது.

#14 நீலா_அட்டவணை

தேன்மொழி சொன்னதோடு இதையும் செய்யுங்கள். ஏற்புக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது மூன்றே மூன்று கேட்கவும்: வழங்குபவர் பெயர், அவருடைய சொந்த மின்னஞ்சல், அவருடைய கைபேசி எண். "தொடர்பு ஆசிரியர்" என்று கேட்டால் கைடின் முகவரிதான் வரும். "கருத்தரங்குக்கு நேரில் வந்து போஸ்டர் முன் நிற்கப்போவது யார்" என்று அப்படியே கேளுங்கள்.

பிறகு ஒரே தாளில் 142 வரி. D பத்தியில் வழங்குபவரின் சொந்த மின்னஞ்சல், F பத்தியில் நேரக்குறி. பேச்சுக்கு முதல் நாள் மூன்றாம் இடவரிசை என்றால் `T1-03`, போஸ்டருக்கு முதல் நாள் ஒற்றை எண் என்றால் `P1-A`, இரட்டை எண் என்றால் `P1-B`. நிபந்தனை வடிவமைப்பில் இந்த வாய்பாடு:

```
=COUNTIFS($D$2:$D$143,$D2,$F$2:$F$143,$F2)>1
```

மோதினால் வரி சிவப்பாகும். இதில் பலர் செய்யும் தவறு, F பத்தியில் அரங்கின் பெயரையும் சேர்த்து எழுதுவது. `T1-03-A`, `T1-03-B` என்று எழுதினால் வாய்பாட்டுக்கு அவை இரண்டு வேறு நேரம். ஒரே ஆள் இரண்டு அரங்கிலும் மூன்றாவதாகப் பேசுவார், தாள் வெள்ளையாகவே இருக்கும். அரங்குக்குத் தனிப் பத்தி வையுங்கள். மின்னஞ்சலின் பின்னால் ஒரு காலி இடம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பொருந்தாது, முதலிலேயே `TRIM` போட்டு மதிப்பாக ஒட்டிவிடுங்கள்.

உங்கள் பழைய திட்டத்தில் இந்த வாய்பாடு உதவியிருக்காது. `T1-03`, `P1-A` இரண்டும் ஒரே கடிகார நேரம் என்று அதற்குத் தெரியாது.

#15 கோவை_மருத்துவர்

எங்கள் கிளைச் சங்கக் கூட்டத்தில் பலகையே கிடையாது. மின்போஸ்டர். 6 பெரிய திரை, 90 போஸ்டர், திரைக்கு 15. ஒவ்வொருவருக்கும் 6 நிமிடம் என்று 90 நிமிடத்தில் முடியும். வாடகைப் பலகை, குண்டூசி, ஒட்டு நாடா எதுவும் இல்லை. நீங்களும் அதற்கே மாறிவிடலாமே. எங்களுக்கு இருக்கும் ஒரே பிரச்சினை, ஒரு திரையில் ஒருவர் வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுகிறோம், பிறகு அவரைப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

#16 நீலா_அட்டவணை

டாக்டர், அது போஸ்டர் என்ற பெயரில் நடக்கும் குறும்பேச்சு. 6 அரங்கு ஒரே நேரத்தில் நடப்பதற்குச் சமம். ஒவ்வொருவருக்கும் கடிகார நேரம் உண்டு, ஆகவே வழங்குபவர் மோதல் அத்தனையும் திரும்பி வரும், நடுவரும் ஆறு திரைக்கு ஆறு பேர் வேண்டும். 114ஐ இரண்டு நாளில் வைத்தால் நாளுக்கு 57, ஆறு திரையில் திரைக்குப் பத்து, மணிக்கணக்கில் முடியாதது இல்லை. ஆனால் ஒருவரோடு கால்மணி நேரம் நின்று பேசுவது போய்விடும். போஸ்டர் வைப்பதே அதற்காகத்தானே.

உங்கள் பிரச்சினைக்கு: வராதவரின் நேரத்தைக் காலியாகவே விடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட அரங்கு ஒரே நேரத்தில் ஓடும்போது இதுதான் விதி. செயலர், உங்களுக்கும் இதேதான். அ அரங்கில் நான்காவது ஆள் வரவில்லை என்று ஐந்தாவது ஆளை ஏற்றினால், ஆ அரங்கிலிருந்து ஐந்தாவதைக் கேட்க ஓடிவருபவர் வாசலில் கைதட்டலைத்தான் கேட்பார். பேராசிரியையின் 6 பேச்சை மோதாமல் வைத்த உழைப்பும் அங்கேயே வீண். அமர்வுத் தலைவருக்குக் கொடுக்கும் தாளில் கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள். காலி நேரத்தில் முந்தையவரிடம் கூடுதல் கேள்வி கேட்கலாம்.

#17 வெளியூர்_வாத்தியார்

அமர்வுத் தலைவரைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. அவர்களும் ஆட்கள்தான். அ அரங்கில் தலைமை வகிப்பவருக்கு அதே நேரம் ஆ அரங்கில் பேச்சு இருக்கும், அது அன்று காலையில்தான் தெரியவரும். ஏனென்றால் தலைவர் பெயர் அப்ஸ்ட்ராக்ட் தாளில் இராது, துறைத்தலைவரின் கைப்பையில் ஒரு துண்டுச்சீட்டில் இருக்கும்.

இரண்டாவதாக, இரண்டாம் நாள் மாலை யார் இருப்பார்கள்? வெளியூர்க்காரர்கள் 3 மணிக்கே பெட்டியோடு நிற்பார்கள், ரயில் அப்படி. இரண்டாம் நாள் இரட்டை எண்களின் முன்னால் காக்கைகூட இருக்காது. உள்ளூர் மாணவர்களை இரண்டாம் நாள் வைப்பதே நியாயம்.

மூன்றாவதாக, இந்த ஒற்றை இரட்டை ஏற்பாடே எனக்கு ஒப்பவில்லை. 45 நிமிடம் நில், 45 நிமிடம் நிற்காதே என்றால், நிற்காத 45 நிமிடத்தில் மாணவர்கள் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

#18 நீலா_அட்டவணை

ஐயா சொன்ன முதல் விஷயம் மிகச் சரி, நான் சொல்ல மறந்தது. தலைவர்களையும் அதே தாளில் வரியாகச் சேர்க்க வேண்டும். ஓர் அமர்வு முழுக்க இருப்பதால் தலைவர் ஒருவருக்கு ஏழு வரி, `T1-01` முதல் `T1-07` வரை. நான்கு அமர்வுக்கு 28 வரி கூடும், வாய்பாட்டில் 143ஐ 171 ஆக்கவும். கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் துண்டுச்சீட்டு தாளுக்குள் வந்துவிடும்.

உள்ளூர்க்காரர் இரண்டாம் நாள் என்பதிலும் உடன்பாடு. பதில் கடிதத்திலேயே "எப்போது கிளம்புகிறீர்கள்" என்று ஒரு கட்டம் வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை. அட்டவணையில் முதலில் இடம் பிடிக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்: சீக்கிரம் கிளம்புபவர்கள், தலைவர்கள், இரண்டு வழங்கல் வைத்திருப்பவர்கள். நகர்த்த முடியாதவர்களை முதலில் நட்டுவிட்டு, மற்றவர்களைக் கடைசியில் இட்டு நிரப்புங்கள். செயலர் தலைகீழாகச் செய்திருப்பார் என்று நினைக்கிறேன், அதனால்தான் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இடித்தது.

ஒற்றை இரட்டையில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. நிற்காத 45 நிமிடத்தில் மாணவர் பக்கத்துப் பலகையைப் பார்க்கலாம். எல்லோரும் 90 நிமிடமும் தத்தம் பலகையிலேயே நின்றால், ஒரே தலைப்பில் வேலை செய்யும் இருவர் அருகருகே நின்றும் ஒருவர் போஸ்டரை ஒருவர் பார்க்காமலே ஊர் திரும்புவார்கள். நெரிசலும் பாதியாகும்: பலகை ஒரு மீட்டர் அகலம் என்றால் நிற்பவர்களுக்கு நடுவே இரண்டு மீட்டர் கிடைக்கும்.

ஆனால் எண்ணைத் தெருக்கதவு எண்போல ஒரு பக்கம் ஒற்றை, எதிர்ப்பக்கம் இரட்டை என்று ஒட்டிவிடக் கூடாது. அப்படி ஒட்டினால் முதல் பாதியில் ஒரு சுவர் முழுக்கக் கூட்டம் நெரியும், எதிர்ச்சுவர் வெறிச்சென்று இருக்கும். ஒரே வரிசையில் 1, 2, 3, 4 என்று போக வேண்டும். பலகையின் இரண்டு பக்கமும் பயன்படுத்தினால் முன்பக்கமெல்லாம் ஒற்றை, பின்பக்கமெல்லாம் இரட்டை என்று விழாமல் பாருங்கள். 17, 18 வைத்திருப்பவருக்கு ஓர் அடி என்று சொன்னேனே, அது பலகையைச் சுற்றிக்கொண்டு ஓடுவதாகிவிடும்.

#19 ப்ரிண்ட்_ரவி

ஒரு மீட்டர் பலகைன்னா சட்டம் போக உள்ள கெடைக்கிறது 95 சென்டிமீட்டர் பக்கம்தான் இருக்கும், அளந்து பாத்துடுங்க. ஏ ஜீரோ நிமிர்த்தி வச்சா 84 சென்டிமீட்டர், உக்காரும். 3 அடின்னா 91, அதுவும் உக்காரும். படுக்க வச்சா 119, பக்கத்துப் பலகைக்குப் போயிடும். இதத்தான் மொதல்லயே சொல்ல வந்தேன்.

#20 தாவரத்துறை_செயலர்

ரவி, மன்னிக்கவும், அப்போது புரியவில்லை. படுக்கைவாக்கில் பத்துப் பேர் கொண்டுவந்தால் என்னுடைய 60 பக்கக் கணக்கே உடையும். "நிமிர்ந்த வாக்கில், அகலம் 90 சென்டிமீட்டருக்குள்" என்று இன்றே அனுப்புகிறேன்.

#21 ப்ரிண்ட்_ரவி

90ன்னு போட்டா 3 அடி அடிச்சவன் 91 வச்சுக்கிட்டு போன் பண்ணுவான் மேடம். 92ன்னு போடுங்க.

#22 மாலதி_வேதியியல்

எண் பற்றி ஒரு சிறு சேர்க்கை. சமர்ப்பித்தபோது கிடைத்த எண், அப்ஸ்ட்ராக்ட் நூலின் பக்க எண், பலகை எண் என்று மூன்று எண் ஒரு மாணவரிடம் இருக்கும், அவர் சமர்ப்பித்த எண்ணைத் தேடிக்கொண்டு 137ஆம் பலகை எங்கே என்று கேட்பார். சமர்ப்பிப்பு எண்ணை வெளியே எங்கும் அச்சிடாதீர்கள். நூலிலும் பலகையிலும் கடிதத்திலும் `P1-17` மட்டும் இருக்கட்டும்.

நூல் அச்சுக்குப் போன பிறகு யாராவது விலகினால் அந்தப் பலகை காலியாகவே இருக்கட்டும், பின்னால் உள்ளவர்களை முன்னால் இழுக்க வேண்டாம். இழுத்தால் ஒற்றை இரட்டை மொத்தமும் புரண்டுவிடும். தாமதமாக வருபவர்களுக்கு 58, 59, 60 இருக்கிறதே.

எங்கள் துறையில் போஸ்டருக்கு முன்னால் ஒரு நிமிட மின்னல் பேச்சு உண்டு, ஆளுக்கு ஒரே ஸ்லைடு. கூட்டம் நன்றாக வரும். உங்களுக்கும் வைக்கலாமே?

#23 தாவரத்துறை_செயலர்

துறைத்தலைவரும் அதைத்தான் கேட்கிறார். 57 பேர், 57 நிமிடம்தானே என்கிறார்.

#24 நீலா_அட்டவணை

57 நிமிடம் வராது. ஒருவர் மேடையேறி, மைக்கைத் தட்டிப் பார்த்து, இறங்க 80 விநாடி ஆகும். 57 பேருக்கு 76 நிமிடம். 90 நிமிடப் போஸ்டர் நேரத்தில் அதை எடுத்தால் மிச்சம் கால்மணி நேரம். முப்பதாவது ஆளுக்குப் பிறகு கேட்பவர்கள் மனதில் எதுவும் தங்காது. வைப்பதாக இருந்தால் நாளுக்கு 12 பேர், கால்மணி நேரம். எல்லோரும் பிடிஎஃப் அனுப்ப, முந்தைய இரவே வரிசையாக ஒரே கோப்பாகக் கோக்க வேண்டும். பவர்பாயின்ட்டைக் கோத்தால் எழுத்துருவும் குறியீடும் கலைந்துபோகும்.

#25 மாலதி_வேதியியல்

12 பேரைத் தேர்ந்தெடுத்தால் மீதி 45 பேருக்கு அது இரண்டாம் தர முத்திரை ஆகாதா? 40 பேர் வரை எங்களுக்கு ஓடுகிறது, வரிசையில் பத்துப் பேரை முன்கூட்டியே நிற்க வைத்தால் 65 விநாடியில் ஆள் மாறலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

#26 கணக்குப்புலி

பரிசு உண்டா? நடுவர்களை ஒதுக்குவதும் இதே வகைக் கணக்குத்தான்.

#27 தாவரத்துறை_செயலர்

உண்டு, நாளுக்கு மூன்று பரிசு. எத்தனை நடுவர் வேண்டும்?

#28 நீலா_அட்டவணை

ஒரு போஸ்டரை இருவர் பார்க்க வேண்டும், ஒருவர் மட்டும் பார்த்தால் அவர் கை தாராளமா இறுக்கமா என்பதே பரிசைத் தீர்மானித்துவிடும். 57 போஸ்டர், 114 பார்வை. நடந்து, கேட்டு, மதிப்பெண் எழுத 5 நிமிடம் என்றால் 90 நிமிடத்தில் ஒருவர் 18 பார்க்கலாம், தாளில். நேரில் 15தான் நடக்கும். ஆக 8 நடுவர். ஒற்றை எண்களை முதல் பாதியில், இரட்டையை இரண்டாம் பாதியில் பார்க்கும்படி தாளை வரிசைப்படுத்திக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆளில்லாத பலகை முன் நின்று மதிப்பெண் போடுவார்கள்.

கணக்குப்புலி முதலில் சொன்ன முழு ஆசிரியர் பட்டியல் இங்கேதான் உண்மையில் தேவைப்படும். தன் பெயர் இருக்கும் போஸ்டருக்கு யாரும் நடுவராக இருக்கக் கூடாது. வழங்குபவர் பத்தியை மட்டும் பார்த்தால் கைடு தன் மாணவருக்கே மதிப்பெண் போடுவார், தாள் வெள்ளையாகத்தான் இருக்கும். தேன்மொழியின் பெயர்ச் சலிப்பை எல்லா ஆசிரியருக்கும் ஓட்டிவிடுங்கள்.

#29 தாவரத்துறை_செயலர்

இரண்டு நாள் வேலையின் நிலவரம். 131 அப்ஸ்ட்ராக்ட்டுக்குப் பதில் கடிதம் வந்துவிட்டது, மீதி 11க்குப் போன் செய்கிறேன். மூன்று `Priya`க்களில் இருவர் ஒருவரே, மூன்றாமவர் வேறு கல்லூரி. அதனால் இரண்டு போஸ்டர் வைத்திருப்பவர்கள் 4 அல்ல, 5 பேர். தலைவர்களைச் சேர்த்ததும் இரண்டு வரி சிவப்பானது: இரண்டாம் நாள் ஆ அரங்கின் தலைவருக்கு அதே அமர்வில் அ அரங்கில் பேச்சு. அவரை முதல் நாளுக்கு மாற்றினேன்.

இன்னும் தீராத ஒன்று: ஒரே தலைப்பின் போஸ்டர்களை ஒரே நாளில் வைப்பதா, இரண்டு நாளிலும் பிரிப்பதா? மூலிகைத் தாவரம் மட்டும் 38 இருக்கிறது.

#30 வெளியூர்_வாத்தியார்

ஒரே நாள். ஒரு நாள் மட்டும் வருபவர் தன் துறையை முழுசாகப் பார்த்துவிட்டுப் போகலாம்.

#31 நீலா_அட்டவணை

பிரிக்க வேண்டும். 57இல் 38 ஒரே தலைப்பு என்றால் மற்ற 19 பேரின் பக்கம் அன்று யாரும் போகமாட்டார்கள், மறுநாள் மூலிகைக்காரர்கள் போஸ்டர் நேரத்தில் ஊர் சுற்றப் போய்விடுவார்கள். உட்தலைப்பாக உடைத்து 19, 19 என்று வையுங்கள்.

#32 மாலதி_வேதியியல்

பேச்சுக்காரரில் 7 பேருக்குப் போஸ்டரும் இருக்கிறது என்றீர்களே, அவர்கள் காலையில் பேசிய அன்றே மதியம் போஸ்டரும் இருந்தால் கேள்வி கேட்க நினைத்தவர்கள் நேராகப் பலகைக்கு வருவார்கள். அந்த 7 பேர் எந்த நாள் என்று பார்த்து, தலைப்பை அதன்படி உடைக்கலாமே?

#33 தாவரத்துறை_செயலர்

7இல் 5 பேர் மூலிகை. 3 பேர் முதல் நாள் பேசுகிறார்கள், 2 பேர் இரண்டாம் நாள். அப்படியென்றால் பிரிப்பதுதான் இந்தப் பட்டியலுக்குப் பொருந்தும். வாத்தியார் ஐயா மன்னிக்க. வெள்ளிக்கிழமை நூல் அச்சுக்குப் போகிறது, அதற்குள் அந்த 11க்கு உரியவர்களும் போனை எடுக்க வேண்டும்.